சமவாய்ப்பு நடையின் நிலைத்த பரவல்: மாறுதல் அணியிலிருந்து ஐகன் திசையன் வரை ஒரு முழு வழிகாட்டி

நான்கு முனைகள் கொண்ட ஒரு சிறிய கோட்டுருவை எடுத்துக்கொள்வோம். முனைகளுக்கு க, ச, த, ப என்று பெயர். ஒருவர் இந்த முனைகளின் மேல் நடந்துகொண்டே இருக்கிறார். ஒவ்வோர் அடியிலும், தான் நிற்கும் முனையிலிருந்து வெளியே போகும் அம்புகளில் ஒன்றைச் சம வாய்ப்புடன் தேர்ந்தெடுத்து அதன் வழியே போகிறார். முன்பு எங்கிருந்து வந்தார் என்பது கணக்கில் வராது. இப்படி வெகுநேரம் நடந்த பிறகு அவர் த-வில் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? ப-வில் இருப்பதற்கு?

அம்புகள் இவை: க-விலிருந்து ச-வுக்கும் த-வுக்கும் போகலாம். ச-விலிருந்து த-வுக்கு மட்டும். த-விலிருந்து க, ச, ப மூன்றுக்கும். ப-விலிருந்து த-வுக்கு மட்டும். மொத்தம் ஏழு அம்புகள். இந்த ஒரே கோட்டுருவைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். நடுவில் ஓர் அம்பை எடுத்தாலே கணக்கு எப்படித் தலைகீழாகிறது என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம்.

## அணியை எழுதுவது

நிரைகளும் நிரல்களும் க, ச, த, ப என்ற வரிசையில் இருக்கட்டும். ஒரு நிரை என்பது "இங்கிருந்து", ஒரு நிரல் என்பது "அங்கே". க நிரையில் ச, த இரண்டுக்கும் தலா 1/2. ச நிரையில் த-வுக்கு 1. த நிரையில் க, ச, ப மூன்றுக்கும் தலா 1/3. ப நிரையில் த-வுக்கு 1.

```
        க     ச     த     ப
க      0    1/2   1/2    0
ச      0     0     1     0
த     1/3   1/3    0    1/3
ப      0     0     1     0
```

இதுதான் மாறுதல் அணி P. ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் 1. நிரல்களுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. த நிரலைக் கூட்டினால் 5/2 வருகிறது. சில நூல்கள் இதையே திருப்பி, நிரல்களின் கூட்டுத்தொகை 1 ஆகும்படி எழுதும். இரண்டும் சரியே. ஆனால் ஒரு நூலின் சூத்திரத்தை இன்னொரு நூலின் அணியில் பொருத்தினால் விடை தவறும். அதனால் அணி கைக்கு வந்ததும் முதலில் கூட்டிப் பார்த்து, நிரை 1 ஆகிறதா, நிரல் 1 ஆகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

## இது ஏன் ஐகன் திசையன் கணக்கு ஆகிறது

இப்போது நடப்பவர் எந்தெந்த முனையில் எவ்வளவு நிகழ்தகவுடன் இருக்கிறார் என்பதை நான்கு எண்கள் கொண்ட ஒரு நிரைத் திசையனாக எழுதுவோம், பெயர் x. ஓர் அடி கழித்து அந்தப் பரவல் xP ஆகிவிடும். ஏனென்றால் த-வுக்கு வந்து சேரும் நிகழ்தகவு, க-வில் இருந்ததில் பாதி, ச-வில் இருந்தது முழுவதும், ப-வில் இருந்தது முழுவதும் சேர்ந்தது. த நிரலை x-உடன் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பதும் அதேதான்.

நிலைத்த பரவல் என்றால் ஓர் அடி எடுத்து வைத்த பிறகும் மாறாத பரவல். அதை π என்று குறித்தால்:

```
π P = π
```

ஓர் அணியால் பெருக்கிய பிறகும் திசை மாறாத திசையனைத்தான் ஐகன் திசையன் என்கிறோம். இங்கே திசை மட்டுமல்ல, அளவும் மாறவில்லை. எனவே ஐகன் மதிப்பு 1. π அணிக்கு இடது பக்கம் நிற்பதால் இது இடது ஐகன் திசையன். கணினி நிரல்கள் பெரும்பாலும் வலது ஐகன் திசையனைத்தான் தரும் என்பதால் இந்த இடது, வலது வேறுபாடு பின்னால் மிகவும் முக்கியமாகப்போகிறது.

ஐகன் மதிப்பு 1 கட்டாயம் இருக்கும் என்று எப்படித் தெரியும்? எல்லா உறுப்புகளும் 1 ஆன நிரல் திசையனை P-யால் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையும் 1 என்பதால் அதே திசையன் திரும்பக் கிடைக்கும். ஆக, 1 என்பது P-யின் ஐகன் மதிப்பு. அதன் வலது ஐகன் திசையன் (1, 1, 1, 1). ஓர் அணிக்கும் அதன் நிரை நிரல் மாற்று அணிக்கும் ஐகன் மதிப்புகள் ஒன்றே. எனவே இடது பக்கமும் 1-க்கு ஓர் ஐகன் திசையன் உண்டு. அது என்ன என்பது மட்டும் வலது பக்கத்தைப் பார்த்துத் தெரியாது. அதைத்தான் நாம் தேடுகிறோம்.

அந்த இடது ஐகன் திசையனில் எல்லா எண்களும் நேர்மமாக இருக்குமா, அது ஒன்றே ஒன்றுதானா என்ற கேள்விகளுக்குப் பெரோன் 1907-லும் ஃப்ரோபீனியஸ் 1912-லும் விடை தந்தார்கள். எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் அம்புகளின் வழியே போய்ச்சேர முடியும் என்றால், இரண்டுக்கும் விடை ஆம். நம் கோட்டுருவில் எல்லா முனைகளிலிருந்தும் த-வுக்குப் போகலாம், த-விலிருந்து எல்லா முனைகளுக்கும் போகலாம். நிபந்தனை நிறைவேறுகிறது.

## கையால் போட்டுப் பார்ப்போம்

πP = π என்பதை முனை முனையாக விரித்து எழுதலாம். முனையின் பெயரையே அதன் நிகழ்தகவுக்கும் வைத்துக்கொள்வோம்:

```
க = த/3
ச = க/2 + த/3
த = க/2 + ச + ப
ப = த/3
```

நான்கு சமன்பாடுகள் இருந்தாலும் அவற்றில் ஒன்று மிகை. மற்ற மூன்றிலிருந்து அது தானாகவே வந்துவிடும். அதனால் ஒரு மதிப்பை நம் விருப்பப்படி வைக்கலாம். பின்னங்களைத் தவிர்க்க த = 6 என்று வைப்போம். உடனே க = 2, ப = 2. ச = 1 + 2 = 3. பயன்படுத்தாமல் விட்ட மூன்றாவது சமன்பாட்டைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம்: 1 + 3 + 2 = 6. சரி.

(2, 3, 6, 2) என்பது ஐகன் திசையன். ஆனால் இது இன்னும் பரவல் அல்ல. மொத்தம் 13; அதனால் வகுத்தால் π = (2/13, 3/13, 6/13, 2/13). தசமத்தில் 0.1538, 0.2308, 0.4615, 0.1538.

இந்த விடையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். க-வுக்கு வெளியே போகும் அம்புகள் இரண்டு, ச-வுக்கு ஒன்று. ஆனாலும் ச-வின் பங்கு அதிகம். அதற்காக உள்ளே வரும் அம்புகளை எண்ணினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. உள்வரும் அம்புகள் க-வுக்கு 1, ச-வுக்கு 2, த-வுக்கு 3, ப-வுக்கு 1. விடையோ 2 : 3 : 6 : 2. திசையில்லாத கோட்டுருவில், அதாவது எல்லா அம்புகளும் இருவழியாக இருந்தால், ஒரு முனையின் பங்கு அதில் சேரும் கோடுகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அங்கே ஐகன் கணக்கே தேவையில்லை. நம் கோட்டுருவில் க-விலிருந்து ச-வுக்கு ஒருவழிப் பாதை இருக்கிறது. அந்த ஓர் அம்பே எண்ணிக்கைச் சூத்திரத்தைச் செல்லாமல் ஆக்கிவிடுகிறது.

ஐகன் கணக்கைத் தொடாமலேயே விடையைச் சோதிக்க எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி இருக்கிறது. நிலைத்த பரவலில் ஒரு முனையின் பங்கைத் தலைகீழாக்கினால், அந்த முனையை விட்டுக் கிளம்பியவர் மீண்டும் அங்கே திரும்ப எடுக்கும் சராசரி அடிகள் கிடைக்கும். த-வுக்கு அது 13/6. இப்போது நேரடியாக எண்ணுவோம். த-விலிருந்து ப-வுக்குப் போனால் 2 அடியில் திரும்பலாம். ச-வுக்குப் போனாலும் 2. க-வுக்குப் போனால் பாதி வாய்ப்பில் 2 அடி, மீதிப் பாதியில் ச வழியாகச் சுற்றி 3 அடி, சராசரி 2.5. மூன்றின் சராசரி 6.5/3, அதாவது 13/6. கச்சிதமாகப் பொருந்துகிறது.

## கணினியில்

```python
import numpy as np

P = np.array([[0, 1/2, 1/2, 0],
              [0, 0, 1, 0],
              [1/3, 1/3, 0, 1/3],
              [0, 0, 1, 0]])

w, V = np.linalg.eig(P.T)
k = np.argmin(np.abs(w - 1))
assert np.isclose(w[k], 1)
v = V[:, k].real
pi = v / v.sum()
print(pi)
```

இந்தச் சில வரிகளில் தவறு நுழைய நிறைய இடம் இருக்கிறது. அவற்றில் பல, எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் தவறான விடையைத் தந்துவிடும்.

முதலாவது `.T`. `eig` தருவது வலது ஐகன் திசையன். நமக்கு வேண்டியது இடது. அதனால்தான் அணியை மாற்றிப் போட்டுக் கொடுக்கிறோம். மறந்துவிட்டால் எல்லா முனைகளுக்கும் 0.25 என்று விடை வரும், ஏனென்றால் வலது ஐகன் திசையன் (1, 1, 1, 1) என்று மேலேயே பார்த்தோம். எல்லா முனைக்கும் ஒரே பங்கு வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். உங்கள் அணி நிரல் கூட்டுத்தொகை 1 ஆகும் வகை என்றால் `.T` தேவையில்லை. அங்கே அதைப் போட்டால்தான் இதே தவறு நடக்கும்.

அடுத்து, ஐகன் மதிப்புகள் எந்த வரிசையிலும் வரலாம். 1 முதலில் வரும் என்று நம்பி `V[:, 0]` என்று எழுதக் கூடாது. திசையன்கள் நிரல்களாக இருப்பதால் `V[k]` என்பதும் தவறு. அது பல திசையன்களிலிருந்து ஒவ்வோர் உறுப்பைப் பிய்த்து எடுத்த கலவை.

பிறகு, `eig` திரும்பத் தரும் திசையனின் நீளம்தான் 1, கூட்டுத்தொகை அல்ல. நம் கணக்கில் (2, 3, 6, 2)-ஐ அதன் நீளமான √53-ஆல் வகுத்தது வரும்: சுமார் 0.275, 0.412, 0.824, 0.275. சில சமயம் நான்குமே எதிர்மமாகவும் வரும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கூட்டுத்தொகையால் வகுத்தால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீர்ந்துவிடும். `np.abs` போட்டு எதிர்மக் குறியை மறைப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே திசையனில் நேர்மமும் எதிர்மமும் கலந்து வந்தால் அது ஒரு எச்சரிக்கை: ஒன்று, தவறான ஐகன் மதிப்பை எடுத்திருக்கிறீர்கள், இல்லையென்றால் 1-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஐகன் திசையன்கள் இருக்கின்றன. `abs` அந்த எச்சரிக்கையை அழித்துவிடும்.

`assert` வரி எதற்கு? ப-விலிருந்து த-வுக்குப் போகும் அம்பை நீக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப நிரை முழுக்கச் சுழியம். அங்கே போனவர் காணாமல் போய்விடுவார். இப்போது அணியின் மிகப்பெரிய ஐகன் மதிப்பு சுமார் 0.836. `argmin` குறை சொல்லாமல் அதையே எடுத்துக்கொள்ளும், கூட்டுத்தொகையால் வகுத்த பிறகு பார்க்க அழகான ஒரு பரவலும் கிடைக்கும். ஆனால் அது நிலைத்த பரவல் அல்ல. இணையப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறையில் வெளி இணைப்பே இல்லாத பக்கங்கள் இப்படித்தான் தொல்லை கொடுக்கும். அந்த நிரையில் எல்லா இடத்திலும் 1/n போட்டு, அங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் தாவலாம் என்று வைப்பது வழக்கமான தீர்வு. அது கோட்டுருவைப் பற்றி நாம் எடுக்கும் ஒரு முடிவு. உங்கள் கணக்குக்குப் பொருந்துமா என்று யோசித்துவிட்டே செய்ய வேண்டும்.

## மற்ற ஐகன் மதிப்புகள் என்ன சொல்கின்றன

நிலைத்த பரவல் இருக்கிறது என்பது ஒன்று, நடை அங்கே போய்ச் சேருகிறது என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை மற்ற ஐகன் மதிப்புகளில் இருக்கிறது. நம் அணியின் சிறப்புச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தினால்:

```
λ (λ − 1)(λ² + λ + 1/6) = 0
```

ஐகன் மதிப்புகள் 1, 0, −0.2113, −0.7887. தொடக்கப் பரவலை இந்த ஐகன் திசையன்களின் கூட்டலாகப் பிரித்தால், ஒவ்வோர் அடியிலும் ஒவ்வொரு பகுதியும் அதன் ஐகன் மதிப்பால் பெருக்கப்படும். 1-க்குரிய பகுதி அப்படியே நிற்கும், மற்றவை தேயும். கடைசியாகத் தேய்வது −0.7887-க்குரிய பகுதி. அதன் குறி எதிர்மம் என்பதால் அது ஊசலாடிக்கொண்டே தேயும்.

ப-வில் தொடங்கிப் பார்ப்போம். த-வில் இருக்கும் நிகழ்தகவு அடி அடியாக 0, 1, 0, 0.8333, 0.1667, 0.6944, 0.2778 என்று போகிறது. சேர வேண்டிய இடம் 0.4615. கடைசி நான்கு மதிப்புகளின் விலகல்கள் 0.3718, −0.2948, 0.2329, −0.1837. அடுத்தடுத்த விலகல்களை வகுத்தால் −0.793, −0.790, −0.789. ஐகன் மதிப்பு கண் முன்னாலேயே தலை காட்டுகிறது. இந்த வேகத்தில் விலகல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 58 அடிகள் வேண்டும்.

இப்போது க-விலிருந்து ச-வுக்குப் போகும் அம்பை எடுத்துவிடுங்கள். மீதி இருப்பது த-வை நடுவில் வைத்த நட்சத்திரம். எந்தச் சுற்றும் இரட்டை எண்ணிக்கை அடிகளிலேயே முடியும். ஐகன் மதிப்புகள் 1, 0, 0, −1. நிலைத்த பரவல் இருக்கத்தான் செய்கிறது: (1/6, 1/6, 1/2, 1/6). ஆனால் த-வில் தொடங்கியவர் ஒற்றை அடிகளில் ஒருபோதும் த-வில் இருக்க மாட்டார், இரட்டை அடிகளில் கட்டாயம் இருப்பார். −1-இன் அளவு 1 என்பதால் அந்த ஊசல் தேயவே தேயாது. எத்தனை முறை பெருக்கினாலும் விடை இரண்டு பரவல்களுக்கு நடுவே மாறி மாறி வரும். நீக்கிய அம்பு இருந்தபோது க, ச, த வழியாக 3 அடிச் சுற்று ஒன்று இருந்தது. 2-உம் 3-உம் கலந்ததால்தான் ஊசல் அடங்கியது.

இதற்கு ஓர் எளிய மருந்து: ஒவ்வோர் அடியிலும் பாதி வாய்ப்பில் நின்ற இடத்திலேயே நிற்க விடுவது. அணி (I + P)/2 ஆகும். ஐகன் திசையன்கள் மாறாது, எனவே π-யும் மாறாது. ஒவ்வொரு ஐகன் மதிப்பு λ-வும் (1 + λ)/2 ஆகும். நட்சத்திரத்தில் −1 சுழியமாகிவிடும். நம் ஏழு அம்புக் கோட்டுருவில் புதிய மதிப்புகள் 1, 0.5, 0.3943, 0.1057. இரண்டாவது பெரியது 0.7887-இலிருந்து 0.5-க்கு இறங்கிவிட்டது! பாதி நேரம் சும்மா நிற்கும் நடை 58 அடிகளுக்குப் பதில் சுமார் 20 அடிகளிலேயே சேர்ந்துவிடுகிறது. தொல்லை கொடுத்த மதிப்பு எதிர்மமாக இருந்ததால் கிடைத்த லாபம் இது. அது 0.9 போல நேர்மமாக இருந்திருந்தால் 0.95 ஆகி, நடை இன்னும் மெதுவாகியிருக்கும்.

1 என்ற ஐகன் மதிப்பே இரண்டு முறை வந்தால் கதை வேறு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியே இல்லாத, வெளியேறவும் முடியாத இரண்டு தொகுதிகள் கோட்டுருவில் இருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். எங்கே தொடங்கினோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். `eig` அவற்றின் ஏதோ ஒரு கலவையைத் தரும்; அதற்குத் தனிப் பொருள் கிடையாது. அதனால் `np.isclose(w, 1).sum()` எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒன்றுக்கு மேல் வந்தால் தொகுதிகளைப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடுங்கள்.

## எந்த வழியில் கணக்கிடுவது

சில ஆயிரம் முனைகள் வரை எனக்கு `eig`-ஐவிட நேரடிச் சமன்பாட்டுத் தீர்வே பிடிக்கும். எல்லா ஐகன் திசையன்களையும் கண்டுபிடித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது வீண் வேலை. மிகையான அந்த ஒரு சமன்பாட்டின் இடத்தில் "கூட்டுத்தொகை 1" என்பதைப் போட்டுவிட்டால் போதும்:

```python
A = P.T - np.eye(4)
A[-1] = 1
b = np.array([0, 0, 0, 1])
pi = np.linalg.solve(A, b)
```

`.real` போட்டு விலக்க வேண்டிய கலப்பெண் தொல்லை இல்லை, குறித் தொல்லை இல்லை, ஊசலாடும் நட்சத்திரத்துக்கும் இதே வரிகள் சரியான விடை தரும். மேலே சொன்ன இரு தொகுதிச் சிக்கல் இருந்தால் A தலைகீழ் இல்லாத அணியாகும். `solve` பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும், அல்லது பொருந்தாத பெரிய எண்களைத் தரும்.

லட்சக்கணக்கான முனைகள் என்றால் அணியைச் சுழியமற்ற உறுப்புகளோடு மட்டும் சேமித்து, ஒரு பரவலைத் திரும்பத் திரும்பப் பெருக்குவதே வழி. எப்போது நிறுத்துவது என்பதுதான் அங்கே கவனம் தேவைப்படும் இடம். அடுத்தடுத்த இரண்டு பரவல்களின் வேறுபாடு சிறிதானதும் நிறுத்துவது வழக்கம். ஆனால் அந்த வேறுபாடும் உண்மையான விலகலும் ஒன்றல்ல. மெதுவாகத் தேயும் பகுதியின் ஐகன் மதிப்பு λ என்றால், வேறுபாடு என்பது விலகலின் (1 − λ) மடங்கு. நம் கோட்டுருவில் λ = −0.7887 என்பதால் வேறுபாடு விலகலைவிடப் பெரிது; அதைப் பார்த்து நிறுத்தினால் ஆபத்து இல்லை. இரண்டு பெரிய தொகுதிகள் ஒரு மெல்லிய இணைப்பால் சேர்ந்திருக்கும் கோட்டுருவில் λ = 0.99 போல வரும். அங்கே வேறுபாடு 0.000001 என்று காட்டும்போது விலகல் இன்னும் 0.0001 இருக்கும், நூறு மடங்கு. ஆகவே அடுத்தடுத்த வேறுபாடுகளின் விகிதத்தையும் ஒவ்வோர் அடியிலும் கணக்கிட்டு வாருங்கள். அந்த விகிதம் நிலைத்த பிறகு அதுவே λ-வின் மதிப்பீடு. வேறுபாட்டை (1 − λ)-ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்ணை வைத்து நிறுத்துங்கள்.